ஸ்டாப் 96-ல், விற்றது 76.90-ல்: ஓர் இரவு இடைவெளியின் நிகழ்வு ஆய்வு

ஒரே நிறுவனப் பங்கை ஒரே வாரத்தில் வாங்கிய இருவர், காலாண்டு முடிவு வெளியான இரவு முழுக்க அதைக் கையில் வைத்திருந்தார்கள். விலை ஒரு குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆர்டரான ஸ்டாப்பை இருவரும் போட்டிருந்தார்கள். ஆனால் திட்டமிட்டதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் ஒருவருக்கு நஷ்டம். மற்றவருக்கு அதைவிட மோசம். பிறகு தங்கள் ஆர்டர் பதிவுகளை என்னிடம் கொடுத்து என்ன நடந்தது என்று பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் அனுமதியோடு எழுதுகிறேன். நிறுவனம் எது, ஆட்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. முதலாமவர் வாங்கிய விலையை 100 என்று வைத்து எல்லா விலைகளையும் அதே விகிதத்தில் மாற்றியிருக்கிறேன். பங்கு எண்ணிக்கையையும் கணக்குத் தொகையையும் முழு எண்களாக்கியிருக்கிறேன்.

## பின்னணி

இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள், சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்பவர்கள். பங்கு வாங்கத் தரகரிடம் வாங்கும் மார்ஜின் கடன் எதுவும் இல்லை. முதலாமவர் வயதில் மூத்தவர், பல வருட அனுபவம் உள்ளவர், விதிகளை எழுதி வைத்து அதன்படி நடப்பவர். இரண்டாமவர் அவரைப் பார்த்துத்தான் சந்தைக்கு வந்தார்.

முதலாமவரின் விதி பலரும் பின்பற்றுவதுதான். ஒரு வர்த்தகத்தில் கணக்கின் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது. கணக்கில் 10,00,000 இருந்தது, ஆக அனுமதித்த இழப்பு 10,000. பங்கு சில வாரங்களாக 96-ஐ ஒட்டி இறங்கி, அங்கிருந்து திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அதனால் 100-ல் வாங்கி 96-ல் ஸ்டாப் வைத்தார். பங்குக்கு 4 இழப்பு என்றால் 10,000-ஐ 4-ஆல் வகுக்க 2,500 பங்கு. முதலீடு 2,50,000, அதாவது கணக்கில் கால் பங்கு.

இந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் 2,500 என்ற எண் முழுக்க முழுக்க அந்த 4-ஐ நம்பித்தான் வந்தது. 96-ல் விற்க முடியும் என்பது உறுதியாக இருந்தால்தான் அது சரியான எண். ஸ்டாப் நெருக்கமாக இருந்தால் அதே 1 சதவீதத்துக்கு அதிகப் பங்கு வாங்கலாம் என்று இந்த விதி சொல்லும். சாதாரண நாளில் அது நியாயம். இரவைத் தாண்டும்போது அதே நெருக்கம்தான் ஆபத்தைப் பெருக்குகிறது: ஸ்டாப்பை 92-ல் வைத்திருந்தால் அவரிடம் 1,250 பங்குதான் இருந்திருக்கும்.

இரண்டாமவர் இரண்டு நாள் முன்னதாக 98-ல் 1,500 பங்கு வாங்கியிருந்தார். அவர் கணக்கு 6,00,000. அவரும் ஸ்டாப்பை 96-ல்தான் வைத்தார், ஆனால் வகை வேறு. முதலாமவர் போட்டது ஸ்டாப் மார்க்கெட்: ட்ரிகர் விலை தொட்டதும் கிடைக்கிற விலைக்கு விற்கும். இரண்டாமவர் போட்டது ஸ்டாப் லிமிட்: ட்ரிகர் 96, லிமிட் 95. அதாவது 96-ஐத் தொட்டதும் விற்பனை ஆர்டர் சந்தைக்குப் போகும், ஆனால் 95-க்குக் கீழே விற்காது. அடிமாட்டு விலைக்குப் போய்விடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

## முடிவு வரும் நாள்

முடிவு எந்த நாளில், சந்தை மூடிய பிறகு வரும் என்பது ஒரு வாரம் முன்பே தெரியும். அன்று பங்கு 101.40-ல் மூடியது. விற்றுவிடலாமா என்று மதியம் பேசியிருக்கிறார்கள். முதலாமவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. இரண்டாமவர் சொன்னது இருவருக்கும் நினைவிருக்கிறது: "அண்ணா, ஸ்டாப் போட்டிருக்கோமே, அப்புறம் என்ன பயம்? போனா ஒரு பெர்சென்ட்."

வைத்திருப்பது என்று முடிவானது. இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். நல்ல முடிவு வரும் என்று நினைக்க அவர்களுக்குக் காரணங்கள் இருந்தன, லாபத்திலும் இருந்தார்கள். மேலே போனால் 10 கிடைக்கும், கீழே போனால் 4 போகும் என்று பேரம் சாதகமாகத் தெரிந்தது.

அந்த மதியமே யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கக் கூடிய இரண்டு தகவல்கள் இருந்தன.

ஒன்று, ஆப்ஷன் சந்தை. குறித்த காலத்துக்குள் குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட். அந்த வாரமே காலாவதியாகும் ஆப்ஷன்களில், சந்தை விலையை ஒட்டிய உரிமை விலையில் ஒரு கால், ஒரு புட் இரண்டையும் சேர்த்து வாங்க 11 ஆகியது. ஸ்ட்ராடில் என்பார்கள். விலை எந்தப் பக்கம் போனாலும் 11-க்கு மேல் நகர்ந்தால்தான் அதை வாங்கியவருக்கு லாபம். ஆக, சந்தை தோராயமாக 11 சதவீத நகர்வை எதிர்பார்த்து விலை வைத்திருந்தது என்று படிக்கலாம். மூடிய விலையிலிருந்து ஸ்டாப் 5.40 தூரத்தில் இருந்தது. எதிர்பார்க்கப்பட்ட நகர்வில் அது பாதிகூட இல்லை.

இன்னொன்று, அந்தப் பங்கின் பழைய நடத்தை. முந்தைய எட்டு காலாண்டு முடிவுகளுக்கு அடுத்த நாள் காலை அது எங்கே திறந்தது என்று பிறகு எடுத்துப் பார்த்தோம். ஐந்து முறை 6 சதவீதத்துக்கு மேல் தள்ளித் திறந்திருக்கிறது: மூன்று முறை மேலே, இரண்டு முறை கீழே. பெரியது 13 சதவீதம், அதுவும் மேல்நோக்கி. கீழே திறந்த இரண்டும் 7-ம் 9-ம். அந்த இரண்டு காலைகளிலும் 5.40 தூரத்தில் இருந்த எந்த ஸ்டாப்பும் தன் விலைக்கு விற்றிருக்காது.

## அறிவிப்பு வந்த மாலை

சந்தை மூடி முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. வருமானம் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவு. அது மட்டும் என்றால் 4, 5 சதவீதத்தோடு போயிருக்கும். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், அடுத்த ஆண்டுக்கான தங்கள் கணிப்பைக் குறைப்பதாகவும், மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்றும் நிறுவனம் சொல்லியிருந்தது.

இப்படிப்பட்ட செய்தியில், மூடிய விலைக்கும் மறுநாள் திறக்கும் விலைக்கும் நடுவே ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வருங்கால லாபக் கணிப்பு பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று வையுங்கள். அதோடு, வளர்ச்சி நிச்சயமில்லை என்பதால் அந்த லாபத்துக்கு எத்தனை மடங்கு விலை கொடுக்கலாம் என்ற பெருக்கமும் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 0.9-ஐ 0.9-ஆல் பெருக்க 0.81. யாரும் பதறாமலேயே விலை 19 சதவீதம் கீழே வந்துவிட்டது. 96-ல் வாங்க நேற்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இதே கணக்கைப் போட்டு ஆர்டரை விலக்கிக்கொள்ள ஓர் இரவு முழுக்க நேரம் இருந்தது.

மூடிய நேரத்துக்குப் பிந்தைய வர்த்தகத்தில் பங்கு முதலில் 84-க்கும், பிறகு 80-க்கும் கைமாறியது. இவர்களுடைய தரகர் அந்த நேர வர்த்தகத்துக்கு வசதி தருவதில்லை. அவர்கள் ஸ்டாப்பும் வழக்கமான வர்த்தக நேரத்து விலைக்கு மட்டுமே விழித்துக்கொள்ளும் வகை; பெரும்பாலான தரகர்களிடம் அப்படித்தான். அதனால் விலை 80 என்று ஒரு திரையில் ஓட, இன்னொரு திரையில் 96 ஸ்டாப் "காத்திருப்பில்" என்றே இருந்தது. இரண்டாமவர் இரவில் நான்கைந்து முறை அதைத் திறந்து பார்த்தாராம், ஆர்டர் இன்னும் இருக்கிறதா என்று.

ஆர்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டாப் எல்லா இடத்திலும் சந்தையின் ஆர்டர் புத்தகத்தில் இருப்பதில்லை. பல நேரம் தரகரின் கணினியில் காத்திருந்து, ட்ரிகர் தொட்ட பிறகுதான் சந்தைக்கே போகிறது. நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரி 26 முதல் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே நிறுத்திவிட்டது. அங்கே தரகர்கள் தங்கள் பக்கத்தில் வைத்து அனுப்புவதுதான் இப்போது வழக்கம்.

## காலையில் எடுத்த முடிவு

சந்தை திறக்குமுன் தொடக்க ஏலம் நடக்கும். வாங்க, விற்க வந்த ஆர்டர்களை எல்லாம் சேர்த்து வைத்து, எந்த ஒரு விலையில் அதிகப் பங்குகள் கைமாறுமோ அந்த விலையில் ஒரே முறையாக முடிப்பார்கள். ஏலம் முடியும்வரை உத்தேச விலை திரையில் ஓடும். அன்று அது 82, 80, 78 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

முதலாமவருக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது. ஸ்டாப்பை ரத்து செய்துவிட்டு, சாதாரண விற்பனை ஆர்டரை ஏலத்துக்குள்ளேயே போடலாம். அல்லது ஸ்டாப்பை அப்படியே விடலாம். அப்படியே விட்டார். காரணம் கேட்டேன். "ஸ்டாப்பை எடுத்துவிட்டால் பாதுகாப்பே இல்லாமல் போய்விடுமோ என்று இருந்தது" என்றார். ஸ்டாப் விலையைவிட 18 கீழே உத்தேச விலை ஓடும்போது அந்த ஸ்டாப் காக்க எதுவும் மிச்சம் இல்லை. ஆனாலும் கை போகவில்லை. இந்தத் தயக்கத்தை நான் வேறு பலரிடமும் பார்த்திருக்கிறேன்.

ஸ்டாப்பை ரத்து செய்யாமல் கூடவே இன்னொரு விற்பனை ஆர்டரும் போட்டிருந்தால் வேறு சிக்கல் வந்திருக்கும்: இரண்டும் நிறைவேறி, கையில் இல்லாத பங்கை விற்றதாக ஆகியிருக்கும். அதை மட்டும் அவர் சரியாக யோசித்துத் தவிர்த்தார்.

ஏலம் 78.00-ல் முடிந்தது. அவர்கள் சந்தையில் ஸ்டாப்புகள் ஏலத்தில் சேர்வதில்லை. முதல் விலை பதிவான பிறகுதான் விழிக்கும். 78 என்பது 96-க்குக் கீழே என்பதால் அந்த நொடியே ஸ்டாப் மார்க்கெட் ஆர்டராக மாறியது. அவருடையது மட்டும் இல்லை. 99-ல், 96-ல், 92-ல், 90-ல் என்று நேற்றுவரை வெவ்வேறு படிகளில் இருந்த அத்தனை பேரின் ஸ்டாப்பும் ஒரே நொடியில் ஒன்றாக விற்பனைக்கு வந்து விழுந்தன. ஆர்டர் பதிவில் அவருடைய 2,500 பங்கு மூன்று துண்டுகளாகப் போயிருக்கிறது: 600 பங்கு 77.60-க்கு, 900 பங்கு 77.00-க்கு, கடைசி 1,000 பங்கு 76.40-க்கு. சராசரி 76.90. எல்லாம் இரண்டு விநாடிக்குள்.

கைக்கு வந்தது 1,92,260. நஷ்டம் 57,740. கணக்கில் 5.8 சதவீதம்.

## லிமிட் வைத்தவருக்கு நடந்தது

இரண்டாமவரின் ஆர்டரும் அதே நொடியில் விழித்தது. 78-ல் சந்தை நடக்கும்போது "95-க்குக் குறையாமல் விற்கவும்" என்ற ஆர்டர் புத்தகத்தில் போய் நின்றது. வாங்க யாரும் இல்லை. திரையில் நிலை "காத்திருப்பில்" என்பதிலிருந்து "திறந்துள்ளது" என்று மாறியது, அவ்வளவுதான். அதை அவர் விற்பனை நடந்துகொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டு கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது 1,500 பங்கும் அப்படியே இருந்தது, விலை 75.

அன்று பங்கு 73-ல் மூடியது. மூன்றாம் நாள் 80 வரை ஏறியது. அங்கே விற்கலாமா என்று யோசித்து, 85 வந்தால் கொடுப்பேன் என்று முடிவு செய்தார். ஆறேழு நாளில் இரண்டு ஆய்வு நிறுவனங்கள் மதிப்பீட்டைக் குறைத்தன, பங்கு 70-க்குக் கீழே போனது. இரண்டு வாரம் கழித்து 67-ல் விற்றார். பங்குக்கு 31 வீதம் 46,500 நஷ்டம், அவர் கணக்கில் 7.75 சதவீதம். முதல் நாளே 77-ல் போயிருந்தால் 31,500-ஓடு நின்றிருக்கும்.

இதை வைத்து ஸ்டாப் லிமிட் எப்போதும் மோசம் என்று சொல்ல முடியாது. திறப்பு நொடியின் பதற்றத்தில் அளவுக்கு மீறி இறங்கி, அரை மணியில் ஏறிவிடும் பங்குகளும் உண்டு. 2015 ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்கச் சந்தை திறந்தபோது, பல பங்குகளை ஒரே கூடையாக்கி ஒரு பங்கைப் போலவே வர்த்தகமாகும் ஈடிஎஃப்கள் பல, தங்களுக்குள் இருக்கும் பங்குகளின் மதிப்பைவிட வெகு கீழே சில நிமிடங்கள் விற்றுவிட்டுப் பிறகு திரும்பின. அன்று மார்க்கெட் ஸ்டாப் வைத்தவர்கள் அந்தப் பள்ளத்தில் விற்றார்கள், லிமிட் வைத்தவர்கள் தப்பினார்கள். ஆனால் அங்கே நடந்தது ஆர்டர்களின் நெரிசல். இங்கே நடந்தது நிறுவனத்தின் மதிப்பே மாறியது. லிமிட் முதல் வகையில் உதவும். இரண்டாம் வகையில் அது நஷ்டத்தை நிறுத்துவதில்லை, விற்கும் முடிவை மறுபடி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறது. அதுவும் முடிவெடுக்கவே முடியாத மனநிலையில் இருக்கும்போது.

## நஷ்டத்தைப் பிரித்துப் பார்த்தபோது

முதலாமவர் என்னிடம் வந்தபோது தரகர்மீது கோபமாக இருந்தார். "78-ல் திறந்தது, எனக்கு 76.90 கொடுத்திருக்கிறான்" என்பது அவர் புகார். அதனால் 57,740-ஐ மூன்றாகப் பிரித்தோம்.

100-லிருந்து 96 வரை, அவரே ஒப்புக்கொண்டு வைத்த நஷ்டம்: 10,000. 96-லிருந்து திறப்பு விலை 78 வரை, பங்குக்கு 18 வீதம்: 45,000. 78-லிருந்து சராசரி 76.90 வரை, அவர் கோபப்பட்ட பகுதி: 2,740.

ஏலத்தில் நேரடியாக விற்றிருந்தால் அந்த 2,740 மிஞ்சியிருக்கும். அது ஒன்றும் இல்லாத தொகை இல்லை, ஆனால் மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குகூட வராது. தரகர் ஆர்டரை எவ்வளவு வேகமாக, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நிறைவேற்றியிருந்தாலும் அந்த 45,000 போயிருக்கும். ஏனென்றால் 101.40-க்கும் 78-க்கும் நடுவே வழக்கமான நேரத்தில் ஒரு வர்த்தகம்கூட நடக்கவில்லை. 96 என்ற விலையில் சந்தை அன்று இல்லவே இல்லை. ஸ்டாப் போடுவதால் அதற்கு எதிரே வாங்குபவர் யாரும் அந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டு நிற்பதில்லை. விலை படிப்படியாக நடந்து இறங்கினால் ஒவ்வொரு படியிலும் யாராவது வாங்குவார்கள், அதில் ஒருவரிடம் நம் பங்கு போகும். படி இல்லாதபோது அடுத்த ஆள் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் விற்க முடியும்.

இது இரவுக்கு மட்டும் உரியதும் இல்லை. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி, யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று தான் காத்துவந்த அடிமட்டத்தைக் கைவிடுவதாகத் திடீரென அறிவித்தது. வாரநாள், பட்டப்பகல், உலகின் பெரிய நாணயச் சந்தை திறந்திருந்த நேரம். 1.20-க்குச் சற்றுக் கீழே ஏராளமானோர் ஸ்டாப் வைத்திருந்தார்கள். நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்க்குக்கும் கீழே போனது, பலரின் ஸ்டாப்புகள் வெகு கீழே நிறைவேறின. கடன் வாங்கி வைத்திருந்தவர்களின் கணக்குகள் பூஜ்யத்துக்கும் கீழே போய், அந்தக் கடனைச் சுமக்க முடியாமல் தரகு நிறுவனமே மூடிய சம்பவமும் நடந்தது. இந்த இருவரும் மார்ஜினில் வாங்காததால் நஷ்டம் கணக்கோடு நின்றது. கடனும் சேர்த்துத் தன் பணத்தைப் போல நான்கு மடங்குக்கு வாங்கியிருந்தால் 23 சதவீத இடைவெளி முதலாமவர் போட்ட தொகையைக் கிட்டத்தட்ட முழுதாகத் துடைத்திருக்கும்.

ஒரு நாளில் விலை எவ்வளவு நகரலாம் என்று வரம்பு உள்ள சந்தைகளில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. பங்கு கீழ் வரம்பில் பூட்டிக்கொண்டால் ஸ்டாப் விழித்து, விற்பனை வரிசையின் கடைசியில் போய் நிற்கும். வாங்குபவர் இல்லாமல் நாள் முடியும். மறுநாள் இன்னொரு வரம்பு. இடைவெளி ஒரே காலையில் வராமல் தவணையில் வரும்.

## வேறு என்ன செய்திருக்கலாம்

மூன்று வழிகளை அதே மதியத்தின் விலைகளை வைத்துக் கணக்குப் போட்டோம். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு போடும் கணக்கு எப்போதும் அழகாக வரும் என்பதால், அன்று மதியம் தெரிந்த தகவலை மட்டும் பயன்படுத்தினோம்.

முதல் வழி முடிவுக்கு முன் முழுதாக விற்பது. 1.40 லாபத்தோடு வெளியே. இதில் விவாதிக்க அதிகம் இல்லை.

இரண்டாம் வழி, வைத்திருப்பது, ஆனால் அளவை ஸ்டாப்பை வைத்து முடிவு செய்யாமல் இடைவெளியை வைத்து முடிவு செய்வது. எவ்வளவு இடைவெளி என்று ஊகிக்க வேண்டும். ஆப்ஷன் சந்தை சொன்ன 11-ஐ அப்படியே எடுக்கக் கூடாது; அது எதிர்பார்க்கப்படும் நகர்வு, உச்சவரம்பு இல்லை. பழைய உச்சமான 13-ம் அப்படித்தான். 11-ஐ இரட்டிப்பாக்கி 22 என்று தோராயமாக எடுத்து, முடிவை ஒட்டிய வர்த்தகத்தில் கணக்கின் 2 சதவீதம்வரை இழக்கலாம் என்று வைத்தால்:

```
பங்கு எண்ணிக்கை = அனுமதித்த இழப்பு / (விலை × ஊகித்த இடைவெளி)
               = 20,000 / (101.40 × 0.22)
               ≈ 900
```

கையில் இருந்த 2,500-ல் 1,600-ஐ மதியமே விற்றிருக்க வேண்டும். மீதி 900 பங்கு 76.90-ல் போயிருந்தால் வாங்கிய விலையிலிருந்து 20,790 நஷ்டம். முன்பே விற்ற 1,600-ல் 2,240 லாபம். நிகரமாக 18,550, கணக்கில் 1.9 சதவீதம். அன்று வந்த இடைவெளி 23 சதவீதம், அதாவது நம் ஊகத்தையும் தாண்டியது. அளவு சிறியதாக இருந்ததால் அந்தத் தவறு தாங்கும்படி இருந்திருக்கும்.

மூன்றாம் வழி, 2,500 பங்கையும் வைத்துக்கொண்டு புட் ஆப்ஷன் வாங்குவது. 95 உரிமை விலை புட் அன்று 3-க்குக் கிடைத்தது. 2,500 பங்குக்கு 7,500 செலவு. ஸ்டாப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இங்கே 95-க்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு பொறுப்பேற்றிருக்கிறார். விலை எங்கே திறந்தாலும் பங்கில் 5, புட்டுக்குக் கொடுத்த விலையான பிரீமியத்தில் 3, மொத்தம் 8-ஓடு நஷ்டம் நிற்கும்: 20,000, கணக்கில் சரியாக 2 சதவீதம்.

இரண்டாம் வழியும் மூன்றாம் வழியும் ஏறக்குறைய ஒரே நஷ்டத்தில் வந்து நிற்பதைக் கவனித்தோம். வேறுபாடு நல்ல செய்தி வந்திருந்தால் தெரிந்திருக்கும். பங்கு 10 சதவீதம் ஏறியிருந்தால் புட் வாங்கியவருக்கு 2,500 பங்கின் லாபம், அதில் 7,500 கழியும். 900 பங்கு வைத்தவருக்குச் செலவு இல்லை, லாபமும் சிறிது. அப்புறம், முடிவை ஒட்டிய நாட்களில் புட் பிரீமியம் வழக்கத்தைவிட அதிகமாக இருக்கும். ஒவ்வொரு காலாண்டும் இப்படி 3 சதவீதம் கொடுத்தால் வருடத்துக்கு 12 ஆகிறது. எப்போதாவது எடுக்க வேண்டிய காப்பீடு அது, பழக்கமாக்கினால் லாபத்தை அதுவே தின்றுவிடும்.

ஸ்டாப் விலைக்கு உத்தரவாதம் தரும் ஆர்டரைச் சில தரகர்கள் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள். அங்கே இடைவெளி நஷ்டத்தைத் தரகரே ஏற்கிறார். இவர்கள் தரகரிடம் அது இல்லை. இருந்தாலும், முடிவு நாளை ஒட்டி அந்தக் கட்டணத்தையும் குறைந்தபட்சத் தூரத்தையும் தரகர் கூட்டிவிடுவார் என்று எதிர்பார்க்கலாம்.

## பிறகு மாறியவை

முதலாமவர் தன் விதிப்புத்தகத்தில் இரண்டாவது அளவுக் கணக்கைச் சேர்த்துக்கொண்டார். பகலில் முடியும் வர்த்தகத்துக்குப் பழைய விதியே. இரவைத் தாண்டும் எதற்கும் ஸ்டாப் கணக்கு, இடைவெளிக் கணக்கு இரண்டையும் போட்டு, எது சிறிய எண்ணோ அதை எடுக்கிறார். முடிவு தேதி இல்லாத சாதாரண இரவுகளுக்கும் 15 சதவீத இடைவெளி என்று ஒரு ஊகம் வைத்திருக்கிறார், ஏனென்றால் மோசடி அம்பலமாவதும் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டு வருவதில்லை. 15 போதுமா என்று எனக்குச் சந்தேகம்தான். மோசடி வகைச் செய்தியில் பாதி விலை ஒரே நாளில் போவது உண்டு. ஆனால் அதற்குமேல் வைத்தால் எதையும் வாங்கவே முடியாது என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்தார். அந்தக் காலையில் அவர் கணக்கில் அதே துறையைச் சேர்ந்த வேறொரு பங்கும் இருந்தது. அதற்கு எந்தச் செய்தியும் இல்லை, ஆனாலும் 6 சதவீதம் கீழே திறந்து அதன் ஸ்டாப்பையும் தாண்டியது. இப்போது ஒரு துறையில் எத்தனை பங்கு இருந்தாலும் இடைவெளிக் கணக்கில் அவற்றை ஒன்றாகவே சேர்க்கிறார்.

காலை நடைமுறையும் மாறியது. உத்தேச விலை தன் ஸ்டாப்புக்குக் கீழே ஓடினால், ஸ்டாப்பை ரத்து செய்துவிட்டு ஏலத்திலேயே விற்பது என்று எழுதி வைத்திருக்கிறார். முதலில் ரத்து, ரத்தானது உறுதியான பிறகு விற்பனை ஆர்டர், அந்த வரிசையில்.

இரண்டாமவர் ஸ்டாப் லிமிட்டை விடவில்லை. பகலில் பயன்படுத்துகிறார், ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவே 1-க்குப் பதில் 3 விடுகிறார், நிறைவேறாவிட்டால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருக்கிறார். முடிவு வரும் இரவுகளில் பங்கு எதையும் வைத்திருப்பதில்லை. அடுத்த காலாண்டில் அவர் முந்தின மதியமே விற்றுவிட்டுப் போன வேறொரு பங்கு மறுநாள் 9 சதவீதம் மேலே திறந்தது. அதைப் பற்றி முதலாமவர் இன்னும் அவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறார். விதியை மாற்றலாமா என்று அவர் என்னைக் கேட்டார். குறைந்தது எட்டு முடிவுகளையாவது எழுதி வைத்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.